118 பக்கம் எப்படி 92 ஆனது?

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கணக்கு. என் பிரதி 92 பக்கம்தான் காட்டியது. வாசித்துப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தை நெருங்கியது. வசனத்தைப் பக்கம் முழுக்க ஓடவிட்டதுதான் தவறு.

கூரியர் 12 புள்ளி எழுத்தில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. லெட்டர் தாளில் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் (துளையிட்டுக் கோக்க), வலப்பக்கம் ஓர் அங்குலம் போனால், வரிக்கு 60 எழுத்து. வசனத்துக்கோ மூன்றரை அங்குலம், அதாவது 35 எழுத்துதான். 210 எழுத்துள்ள வசனம் அகல வரியில் நான்கு வரி, முறையான பத்தியில் ஆறு வரி. வசனத்தை இடது ஓரத்திலிருந்து 2.5 அங்குலத்திலும், பேசுபவர் பெயரை 3.7 அங்குலத்திலும் வைத்தேன், 118 வந்தது. பெயர் அப்படித் தனியே நிற்பதால் நடிகர் தன் பகுதியைச் சட்டென்று பிடிக்கிறார்.

காட்சித் தலைப்பிலும் ஒரு பிழை:

```
INT. சமையலறை - இரவு
INT. அடுக்களை - இரவு
```

இரண்டும் ஒரே அறை. ஆனால் படப்பிடிப்பு அட்டவணை தலைப்பை வைத்தே இடத்தையும் பொழுதையும் பிரிக்கிறது. அங்கே இவை இரண்டு இடங்கள். ஒரே சொல்லாக மாற்றினேன்.