நில ஆவணங்களிலிருந்து தகவல் பிரித்தெடுக்கும்போது: பரப்பளவில் தொடங்கும் பிழைகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பகுதிகளில் கேரள–தமிழ்நாட்டு எல்லைக்கு இரு பக்கமும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. அத்தகைய ஒரு குடும்பத்தின் ஆவணக் கட்டை ஸ்கேன் செய்து, மென்பொருளைக் கொண்டு அட்டவணையாக்க முனைபவர், மலையாளத்தில் அச்சிட்ட கேரள நிலவரி ரசீதையும், தமிழ்நாட்டுப் பட்டாவையும், கொச்சி சமஸ்தானக் காலத்துக் கையெழுத்துப் பத்திரத்தையும், அட்டவணையில் எந்தெந்தத் தகவல் புலங்கள் இருக்கும் என்று வகுக்கும் ஒரே ஸ்கீமாவுக்குள் அடக்க வேண்டியிருக்கிறது. கைக்கு முதலில் வந்த ஆவணத்தைப் பார்த்துப் புலங்களை வகுத்துவிடுவதே இதில் அடிக்கடி நிகழும் தவறு.

பரப்பளவை எடுத்துக்கொள்வோம். பட்டாவில் ‘0 - 12.50’ என்றிருந்தால் அது பூஜ்யம் ஹெக்டேர், 12.50 ஏர், ஓர் ஏர் 100 சதுர மீட்டர் என்பதால் மொத்தம் 1,250 சதுர மீட்டர். கேரள ரசீதில் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் ஆகிய மூன்றும் தனித்தனியாக நிற்கும்; அங்கே ‘0 12 5’ என்பது 12 ஏர், 5 சதுர மீட்டர், அதாவது 1,205 சதுர மீட்டர். ‘பரப்பளவு’ என்று ஒரே ஓர் எண் புலத்தை மட்டும் வைத்தால், மென்பொருள் இரண்டையும் 0.125 ஹெக்டேராக ஆக்கிவிடக்கூடும். வித்தியாசம் 45 சதுர மீட்டர். ஒரு சென்ட் ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர் என்பதால், ஒரு சென்டுக்கும் மேற்பட்ட நிலம் காகிதத்தில் முளைத்துவிடும். எண் பார்வைக்கு இயல்பாகவே இருக்கும் என்பதால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாது.

ஆகவே பிரித்தெடுக்கும் படியிலேயே அலகை மாற்றச் சொல்லக் கூடாது. ஆவணத்தில் எழுதியிருப்பதை எழுதியபடியே ஒரு புலத்திலும், அலகின் வடிவத்தை மற்றொன்றிலும் வாங்கிக்கொண்டு, சதுர மீட்டராக்கும் கணக்கைப் பிறகு தனியே செய்வதுதான் பாதுகாப்பானது.

```json
{
  "extent_raw": "0 12 5",
  "unit": "hectare_are_sqm",
  "status": "present"
}
```

‘status’ என்ற மூன்றாவது புலம் மிகையாகத் தோன்றலாம்; என் பார்வையில் அதுவே மிக அவசியமானது. எல்லாப் புலங்களும் கட்டாயம் நிரம்ப வேண்டும் என்று விதித்தால், ஆவணத்தில் இல்லாத ஒன்றை மென்பொருள் எங்கிருந்தாவது எடுத்து நிரப்பும். பழைய பத்திரத்தில் மறுஅளவைக்குப் பிந்தைய பிளாக் எண் இருக்க வழியே இல்லை. கட்டாயப்படுத்தினால் வேறு ஏதோ ஓர் எண் அங்கே வந்து உட்காரும். ‘உள்ளது’, ‘இல்லை’, ‘படிக்க முடியவில்லை’ ஆகிய மூன்றையும் வேறுபடுத்தினால், எந்தக் காகிதத்தை மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தேதிக்கும் இதே நியாயம் பொருந்தும்: கொல்லம் ஆண்டு 1120 மேடம் என்றிருப்பதை ஆங்கிலத் தேதி வடிவத்துக்குள் நேரடியாகத் திணிக்காமல், எழுதியபடி வாங்கிய பின்னரே அது 1945 ஏப்ரல்–மே என்று கணக்கிட வேண்டும். ஒரே பத்திரத்தில் பல சர்வே எண்கள் வருவது சாதாரணம் என்பதால், ஒவ்வொரு எண்ணும் தனக்குரிய பரப்பளவோடு சேர்ந்தே பட்டியலில் நிற்க வேண்டும்.

அடுத்த தவறு சோதனையில் நிகழ்கிறது. கட்டின் மேலிருந்து முப்பது தாள்களை எடுத்தால் அவை அனைத்தும் அண்மைக்கால ரசீதுகளாகவே இருந்துவிடலாம். ரசீது, பட்டா, பழைய பத்திரம் என வகைக்குப் பத்தாக எடுத்து, மென்பொருளின் விடையைப் பார்ப்பதற்கு முன்பே இருவர் தனித்தனியாகச் சரியான விடைகளை எழுதி ஒப்பிட வேண்டும். அந்த இருவரே முரண்படும் புலம் என்றால், பெரும்பாலும் கோளாறு ஸ்கீமாவின் விளக்கத்தில்தான் இருக்கும்.

முப்பது ஆவணங்கள், பன்னிரண்டு புலங்கள் என்றால் 360 விடைகள். அவற்றில் 342 சரி என்றால் 95 சதவீதம். கேட்பதற்கு நிறைவாக இருக்கும். ஆனால் தவறிய 18-உம் பரப்பளவிலேயே விழுந்திருந்தால், அந்தப் புலத்தின் துல்லியம் முப்பதுக்குப் பன்னிரண்டு, அதாவது 40 சதவீதம்தான். எனவே மதிப்பெண்ணைப் புலவாரியாகவும் ஆவண வகைவாரியாகவும் பார்க்க வேண்டும். தவறான விடையையும் விடுபட்ட விடையையும் தனித்தனியே எண்ண வேண்டும். விடுபட்டதை ஒருவர் உட்கார்ந்து நிரப்பிவிடலாம். தவறானது கிரயம் வரை போய்விடும்.

பிழைகளைப் பார்த்து ஸ்கீமாவைத் திருத்திய பிறகு, அதே முப்பதில் மறுபடி சோதித்து வரும் மதிப்பெண்ணை நம்பலாகாது. அந்தத் திருத்தம் அந்த முப்பதுக்கென்றே செய்யப்பட்டது. இதுவரை தொடாத வேறு முப்பதை முதலிலேயே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அந்தப் புதிய முப்பதிலும் ஒரு புலம் முழுக்கச் சரியாக வந்தால்கூட, உண்மையான பிழை விகிதம் ஏறத்தாழ 10 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. பிழையே தென்படாத மாதிரியில், மூன்றை மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும் மேல்வரம்பு அது. பரப்பளவுக்கு அந்த வரம்பு போதாது என்றால், அந்த ஒரு புலத்துக்கு மட்டும் மாதிரியை முந்நூறாக்கலாம், அல்லது எல்லாத் தாள்களிலும் அதை ஒருவர் கண்ணால் சரிபார்க்கலாம். ஒரு குடும்பத்தின் கட்டுக்கு இரண்டாவதே மலிவு.