ஃபில்லெட்டை ஜி2 ஆக்கும்போது பழைய எண்ணை அப்படியே விடாதீர்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பளபளப்பான கறுப்பு ஏபிஎஸ் பீஸை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தால், மூலையில் ஃபில்லெட் எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். தளம் முடியும் இடத்தில் வெளிச்சக் கோடு சட்டென்று திசை மாறும். பாலிஷ் சரியில்லை என்று டூல் ரூமிடம் சண்டை போடுவதில் பயனில்லை, ஏனென்றால் பிழை வரைபடத்தில் இருக்கிறது.

சாதாரண ஃபில்லெட் ஒரு வட்ட வில். தட்டையான தளத்தின் வளைவு பூஜ்யம். ஆரம் 10 மி.மீ. என்றால் வில்லின் வளைவு பத்தில் ஒரு பங்கு. இரண்டும் தொடும் கோட்டில் சாய்வு ஒன்றுதான், ஆனால் வளைவு பூஜ்யத்திலிருந்து அந்த அளவுக்கு ஒரே தாவலாகத் தாவுகிறது. இதுதான் ஜி1. கண் அந்தத் தாவலைப் பிடித்துவிடும். ஜி2 இணைப்பில் வளைவு பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி, நடுவில் உச்சத்தைத் தொட்டு, மறுபடி இறங்குகிறது. பேருந்து ஓட்டுநர் வளைவில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைப் போல.

இதுவரை பலருக்கும் தெரியும். அதனால் சாலிட்வொர்க்ஸில் ஃபில்லெட்டைத் திறந்து, `Circular` என்று இருப்பதை `Curvature Continuous` என்று மாற்றிவிட்டு, 10 என்ற எண்ணை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நான் பார்க்கும் வரைபடங்களில் அதிகம் வரும் தவறு இதுதான். மற்ற பல தவறுகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். செங்கோண மூலையில் 10 மி.மீ. வட்ட ஃபில்லெட் இரு பக்கமும் 10 மி.மீ. தளத்தை எடுத்துக்கொள்கிறது. அதே 10 மி.மீ. அகலத்துக்குள் வளைவு நேர்கோடாக ஏறி இறங்க வேண்டுமென்றால், மொத்தத் திருப்பமும் அதே 90 டிகிரிதான். ஓரங்களில் குறைவாகத் திரும்பியதை நடுவில் ஈடுகட்ட வேண்டும். கணக்குப் போட்டால் நடு ஆரம் அகலத்தை 1.87-ஆல் வகுத்த அளவு வரும், அதாவது சுமார் 5.3 மி.மீ. மூலையை மிருதுவாக்கப் போய் அதைக் கூராக்கிவிட்டோம். நடுவிலும் 10 வேண்டுமென்றால் அகலம் கிட்டத்தட்ட 18.7 ஆக வேண்டும். மென்பொருளுக்கு மென்பொருள் வளைவு ஏறும் விதம் கொஞ்சம் மாறும். அதனால் இந்த 1.87-ஐ முதல் மதிப்பீடாக வைத்துக்கொண்டு, கடைசியில் குறைந்தபட்ச ஆரத்தை மாடலிலேயே அளந்து பாருங்கள்.

ஒரு மேல்மூடியை எடுத்துக்கொள்வோம். நீளம் 180, அகலம் 120, உயரம் 30, சுவர் தடிமன் 2.5 மி.மீ. செங்குத்து மூலைகள் நான்கும் 18. மேல் விளிம்பு முன்பக்கம் 14, பின்பக்கம் 4, பக்கவாட்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ரேடியஸ். எல்லாம் வட்ட வில்லாக இருக்கும்வரை இந்த எண்கள் ஒழுங்காக வேலை செய்யும். எண்களைத் தொடாமல் அத்தனையையும் ஜி2 ஆக்கினால் இரண்டு இடங்களில் மாடல் உடையும்.

முதலாவது பின்பக்கம். வட்ட வில்லாக இருந்தபோது வெளியே 4, சுவர் 2.5, எனவே உள்ளே 1.5 ஆரம் கிடைத்தது. ஜி2 ஆனதும் வெளியே நடு ஆரம் 2.1-க்கு இறங்கிவிடும். அது சுவர் தடிமனைவிடச் சிறியது. ஷெல் போட்டால் உள்பரப்பு தன்னையே வெட்டிக்கொள்ளும். மென்பொருள் மறுத்துவிட்டால் நல்லது. மறுக்காமல் உள்ளே ஒரு கூர்மூலையை விட்டுவிட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் மூடி கீழே விழும்போது விரிசல் அங்கேதான் தொடங்கும். உள்ளாரம் சுவரில் பாதியாவது, அதாவது 1.25 இருக்க வேண்டும் என்று வையுங்கள். வெளி நடு ஆரம் 3.75 ஆக வேண்டும், அகலம் 7. ஆகவே பின்பக்க எண் 4 அல்ல, 7.

ஷெல் தோற்றதும் ஃபில்லெட்டைக் கீழே தள்ளி, ஷெல்லுக்கு அப்புறம் வெளியே மட்டும் போடும் பழக்கமும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். வெளியே 4 வட்ட ஆரம், உள்ளே கூர்மூலை என்று விட்டால் மூலையின் குறுக்கே தடிமன் 1.9-க்குக் குறைந்துவிடும். மெலிந்த இடமும் கூர்மூலையும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். டிராஃப்ட் முதலில், ஃபில்லெட் அடுத்து, ஷெல் கடைசி என்பதே முறை.

இரண்டாவது முன்பக்க மூலை. இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கடினம். மேல் விளிம்பு ஃபில்லெட் தளத்தின் மீது 14 மி.மீ. உள்ளே வந்து முடிகிறது. செங்குத்து மூலை 18 வட்டமாக இருந்தால், அந்த உள்கோடு மூலையில் 4 மி.மீ. ஆரத்தோடு நிம்மதியாகத் திரும்பும். ஜி2 ஆக்கியதும் செங்குத்து மூலையின் நடு ஆரம் 9.6. அதிலிருந்து 14 உள்ளே போக இடமில்லை. உள்கோடு ஒரு முனையாகக் குவிந்து, மேல்தளத்தில் கிள்ளினாற்போல ஒரு சுருக்கம் விழும். திரையில் அது பெரிதாகத் தெரியாது. பளபளப்பான பீஸில் முதலில் கண்ணில் படுவது அதுதான். செங்குத்து மூலையின் அகலத்தை 30-க்கு ஏற்றினால் நடு ஆரம் 16 வரும், மேல் ஃபில்லெட்டுக்கு வழி கிடைக்கும். செங்குத்து மூலைகளை முதலில் முடித்துவிட்டு, மேல் விளிம்பை ஒரே ஓட்டமாகச் சுற்றி வாருங்கள்.

முன்பக்கம் 14 அகலத்துக்கு நடு ஆரம் 7.5, உள்ளே 5. அங்கே பிரச்சினை இல்லை. உருண்டையாகத் தெரிய வேண்டும் என்று 18.7 வரை போகலாம்தான், ஆனால் 30 மி.மீ. சுவரில் 11 மி.மீ. தான் மிஞ்சும், மூலைகளும் இன்னும் பெரிதாக வேண்டும். நான் 14-லேயே நிறுத்துவேன்.

சரி, பக்கவாட்டில் 14 எப்படி 7 ஆகிறது? `Straight transition` கொடுத்தால் அகலம் நேர்கோடாகக் குறையும். ஆனால் குறையத் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஃபில்லெட்டின் ஓரக்கோட்டில் ஒரு முறிவு விழும். குறுக்குவெட்டில் ஜி2 கொண்டுவர அவ்வளவு பாடுபட்டுவிட்டு, நீளவாக்கில் அதைத் தொலைப்பதில் அர்த்தமில்லை. `Smooth transition` எடுங்கள். மாற்றம் செங்குத்து மூலைக்குள் நடக்கக் கூடாது. மூலை முடிந்து நேரான பகுதி வந்ததும் தொடங்கி, அடுத்த மூலைக்கு முன்பே முடியட்டும். நம் மூடியில் மூலைக்கு 30 போக, 120 மி.மீ. பக்கத்தில் 60 மிஞ்சுகிறது. 7 மி.மீ. மாற்றத்துக்கு அது போதும். வடிவம் பிடிக்கவில்லை என்று நடுவில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையாக மாறும். இரண்டு முனைப் புள்ளிகளே போதும்.

சோதிக்க `Zebra Stripes` போதுமான கருவி. கோடுகள் இணைப்பில் விட்டுப்போனால் சாய்வே ஒட்டவில்லை. ஒட்டியும் முழங்கை போல மடிந்தால் ஜி1. மடிப்பில்லாமல் ஓடினால் ஜி2. மாடலைச் சுழற்றிக்கொண்டே பாருங்கள், ஒரே கோணத்தில் பார்த்தால் மடிப்பு ஒளிந்துகொள்ளும். அப்புறம் குறைந்தபட்ச ஆரத்தை எடுத்து டூல் ரூமுக்கு எழுதிக் கொடுங்கள். பீஸின் வெளிமூலை கேவிட்டியில் குழிவாக வரும், பால் கட்டரின் ஆரம் அங்கே 3.75-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். வரைபடத்தில் 7 என்று மட்டும் பார்ப்பவர் பெரிய கட்டரை எடுத்துவிடுவார். மிஞ்சிய பொருளைக் கையால் கல் போட்டு எடுக்கும்போது, நாம் கணக்கிட்ட வளைவு அழிந்து வேறொன்று வந்துவிடும்.

டெக்ஸ்சர் போடும் மேட் பரப்புக்கும், உள்ளே இருக்கும் ரிப்களின் அடிக்கும் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். அங்கே சாதாரண வட்ட ஃபில்லெட்டே போதும், அதில் எழுதிய எண்தான் உண்மையான ஆரமும்.