சுவிட்சர்லாந்துக்கு 1848-லேயே முழு மதிப்பெண்: ஜனநாயகத்தை அளக்கும்போது நடக்கும் தவறுகள்

பாலிட்டி என்றொரு தரவுத்தொகுப்பு உண்டு. ஒவ்வொரு நாட்டின் ஆட்சிமுறைக்கும் ஆண்டுவாரியாக −10 முதல் +10 வரை மதிப்பெண் போடும். அதில் சுவிட்சர்லாந்துக்கு 1848 முதலே +10. ஆனால் சுவிஸ் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது 1971-ல்தான். 1959-ல் ஆண்களிடம் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் பாலிட்டியைத் தூக்கிப் போடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஆட்சித் தலைவர் எப்படி வருகிறார், அவருக்குக் கடிவாளம் போட வேறு அமைப்புகள் இருக்கின்றனவா, அரசியல் போட்டி திறந்திருக்கிறதா என்பதைத்தான் பாலிட்டி பார்க்கிறது. மக்களில் எத்தனை பேருக்கு ஓட்டு என்று அது கேட்பதே இல்லை. கேட்காத கேள்விக்கு அதனிடம் பதில் தேடுவதுதான் முதல் தவறு.

ராபர்ட் டால் என்ற அரசியல் அறிஞர் ஜனநாயகத்தை இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்த்தார்: போட்டி ஒன்று, பங்கேற்பு இன்னொன்று. இலங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். 1931-லேயே அங்கே பெண்கள் உட்பட எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் மேலே பிரிட்டிஷ் ஆளுநர் உட்கார்ந்திருந்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் போட்டி முழுசாக இருந்தது, பாதிப் பேருக்கு ஓட்டு இல்லை. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடக்க வேண்டுமென்றால், ஜனநாயகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

அளவீட்டின் ஏற்புடைமை என்பது இதுதான். நாம் மனதில் வைத்திருக்கும் கருத்தைத்தான் இந்த எண் பிடித்திருக்கிறதா, இல்லை பக்கத்தில் இருக்கும் வேறெதையோ பிடித்திருக்கிறதா? ஆட்சியாளரின் அதிகாரத்துக்குக் கட்டுப்பாடு இருந்தால் போர்கள் குறைகின்றனவா என்று ஆராய்பவருக்குப் பாலிட்டி பொருந்தக்கூடும். வாக்குரிமை விரிந்தபோது அரசின் நலச் செலவு கூடியதா என்று ஆராய்பவருக்கு அதே எண் உதவாது.

நம்பகத்தன்மையோடு, அதாவது யார் அளந்தாலும் ஒரே எண் வருவதோடு, இதைக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. பாலிட்டியின் விதிப்புத்தகத்தைக் கொடுத்துப் பத்து மாணவர்களை உட்கார வைத்தால், 1950-ன் சுவிட்சர்லாந்துக்கு அநேகமாக எல்லோரும் +10-ஐ ஒட்டித்தான் போடுவார்கள். நம்பகம் பிரமாதம். பெண்கள் அப்போதும் வெளியேதான் நிற்கிறார்கள்.

சரி, பாலிட்டி போன்ற பல குறியீடுகள் ஒத்துப்போனால் போதாதா? ஒத்துப்போவது ஒரு சான்றுதான். ஆனால் நார்வேயையும் வடகொரியாவையும் பிரித்துக் காட்டுவது எந்தக் குறியீட்டுக்கும் கஷ்டமில்லை. இரண்டு முனைகளிலும் உள்ள நாடுகளே ஒட்டுமொத்த ஒற்றுமையைத் தூக்கிக் காட்டிவிடும். சண்டை நடுவில் இருக்கும் நாடுகளில்தான்.

போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966-ல் விடுதலை பெற்றது. தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே கட்சிதான் ஜெயித்தது. நாடுகளின் சுதந்திரத்தை மதிப்பிடும் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு பல ஆண்டுகளாக அதைச் சுதந்திர நாடுகளின் பட்டியலில் வைத்திருந்தது. ஷெவோர்ஸ்கி, ஷெய்பப் போன்ற அரசியல் அறிஞர்கள் உருவாக்கிய வகைப்பாடோ அதைச் சர்வாதிகாரம் என்றது. காரணம் ஒரு விதி: ஆளுங்கட்சி தோற்று, அதே விதிமுறைகளின் கீழ் ஆட்சி கைமாறியிருக்க வேண்டும். தோற்றால் இறங்குவார்களா என்பது தோற்கும்வரை யாருக்கும் தெரியாது இல்லையா? அதனால் ஒரு ஜனநாயகத்தைச் சர்வாதிகாரம் என்று தவறாகச் சொல்ல நேர்ந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்தேதான் அந்த விதியை வைத்தார்கள். ஜப்பானிலும் 1955 முதல் ஒரே கட்சிதான் ஆண்டது. அந்தக் கட்சி 1993-ல் ஆட்சியை இழந்ததால் ஜப்பான் சர்வாதிகாரம் என்ற முத்திரையிலிருந்து தப்பித்தது.

2024 அக்டோபரில் போட்ஸ்வானாவின் ஆளுங்கட்சி தோற்றது. அதிபர் மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார், டூமா போகோ பதவியேற்றார். விதியை அப்படியே பின்பற்றினால் இனி பழைய ஆண்டுகளையும் ஜனநாயகம் என்று திருத்த வேண்டும். 1985-ல் அந்த நாட்டில் நடந்த எதுவும் மாறவில்லை, அதன் மதிப்பெண் மட்டும் மாறும். எனக்கு இது இன்றைக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வேடிக்கை என்று விட்டுவிடவும் முடியாது. வைர வருமானத்தால் பல பத்தாண்டுகள் உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்று போட்ஸ்வானா. ஜனநாயகத்துக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை ஆராயும்போது அந்த வளர்ச்சி முழுவதும் சர்வாதிகாரத்தின் கணக்கில் போய் விழுந்திருக்கும். இந்தப் பிழை எங்கோ தற்செயலாக விழுவதுமில்லை. நீண்ட காலம் ஒரே கட்சியை ஜெயிக்க வைக்கும் நாடுகளாகப் பார்த்து விழுகிறது, நல்ல வளர்ச்சியே அந்த வெற்றிகளுக்கு ஒரு காரணமாகவும் இருந்திருக்கலாம்.

அதனால் இப்படிப்பட்ட தரவை எடுக்கும்போது, சந்தேகத்துக்குரிய நாடுகளை ஒருமுறை இந்தப் பக்கமும் இன்னொரு முறை அந்தப் பக்கமும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாலைந்து நாடுகள் இடம் மாறியதும் முடிவு தலைகீழானால், அந்த ஆய்வு கண்டுபிடித்தது குறியீட்டின் விதியைத்தான்.