பிடிஎஃப் திறக்கவில்லையா, பக்கங்கள் வெறுமையாக உள்ளனவா: பழுதுபார்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடிஎஃப் கோப்பு ஒன்று திறக்க மறுத்தாலோ, திறந்தும் வெள்ளைப் பக்கங்களையே காட்டினாலோ, பெரும்பாலானோர் முதலில் செய்வது பழுதுபார்க்கும் கருவியைத் தேடுவதுதான். நான் பார்த்தவரையில் இதுவே மிகப் பெரிய தவறு. பழுது கோப்பில் இருக்கிறதா, அதைக் காட்டும் செயலியில் இருக்கிறதா, கோப்பில்தான் என்றால் அது எந்த வகைப் பழுது என்று அறியாமல் கருவியை இயக்கினால், காரணத்தைக் காட்டும் தடயம் அழிந்துபோகிறது. ஆகவே, முதலில் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தப் பிரதியிலேயே எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும்.

பிடிஎஃப் கோப்பின் முதல் வரி `%PDF-1.7` என்பது போலத் தொடங்கும்; இறுதியில் `%%EOF` என்ற குறி இருக்கும். அதற்குச் சற்று முன்னால் `startxref` என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும். கோப்பின் உள்ளுறுப்புகள் எந்தெந்த பைட்டில் தொடங்குகின்றன என்று சொல்லும் அட்டவணை எங்கே இருக்கிறது என்பதையே அந்த எண் குறிக்கிறது. செயலி கோப்பை வால் பகுதியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறது என்பதால், பாதியில் நின்றுபோன பதிவிறக்கத்தில் முதல் பாதி பழுதில்லாமல் இருந்தாலும் கோப்பு திறக்காமல் போகலாம். தலையையும் வாலையும் பார்க்க லினக்ஸிலும் மேக்கிலும் இரண்டு கட்டளைகள் போதும்:

```
head -c 200 arikkai.pdf
tail -c 64 arikkai.pdf
```

தலையில் `%PDF-` இருந்து வாலில் `%%EOF` இல்லையென்றால், பதிவிறக்கம் அநேகமாகப் பாதியில் அறுந்திருக்கிறது. தலையிலேயே `<!DOCTYPE html>` என்று இருந்தால் அது பிடிஎஃப் கோப்பே அல்ல. உள்நுழைவுக் காலம் முடிந்திருந்ததால் தளம் அனுப்பிய பிழைப் பக்கமோ உள்நுழைவுப் பக்கமோ `.pdf` என்ற பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. இதைப் பழுதுபார்க்க முயல்வது வீண். மீண்டும் உள்நுழைந்து பதிவிறக்க வேண்டும்.

கோப்பு திறக்கிறது, ஆனால் உள்ளடக்கம் தெரியவில்லை என்பது வேறு நிலை. திரையில் `Please wait...` என்று தொடங்கும் ஒரே பக்கம் மட்டும் தெரிந்தால், அது எக்ஸ்எஃப்ஏ என்னும் முறையில் அமைக்கப்பட்ட படிவமாக இருக்கும். அந்தப் பக்கம், இம்முறையை அறியாத செயலிகளுக்காக வைக்கப்பட்ட மாற்றுப் பக்கம்; உண்மையான படிவம் கோப்புக்குள் பழுதின்றியே இருக்கிறது. அதைப் பிரவுசரில் திறந்துவிட்டு, கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பதும், தெரிந்த பக்கத்தையே அச்சிட்டு மறுபடி பிடிஎஃப் ஆக்குவதும் தவறு. அப்படி ஆக்கிய கோப்பில் படிவம் இருக்காது. கோப்பைக் கணினியில் சேமித்து, அடோபி அக்ரோபேட் ரீடரில் நேரடியாகத் திறந்தால் போதும்.

இனி, அதிகம் குழப்பம் தரும் நிலைக்கு வருகிறேன். பக்க எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பக்கமும் வெறுமையாக இருக்கும். நண்பர் ஒருவர் அனுப்பிய 38 பக்க அறிக்கை இப்படித்தான் வந்தது. எந்தச் செயலியில் திறந்தாலும் 38 வெள்ளைப் பக்கங்களே தெரிந்தன. ஆகவே பழுது செயலியில் இல்லை. அவரிடமிருந்த மூலக் கோப்பின் அளவு ஏறத்தாழ 6 எம்பி, எனக்கு வந்ததோ 10 எம்பிக்கு மேல். பதிவிறக்கம் அறுந்தால் கோப்பு சிறிதாகும்; பெரிதாகியிருந்தால், வழியில் ஏதோ ஒரு நிரல் அதன் பைட்டுகளை மாற்றி எழுதியிருக்கிறது என்றே பொருள்.

மாற்றியது எது என்பதைக் கோப்பின் இரண்டாம் வரியே காட்டிக்கொடுத்தது. இது வெறும் எழுத்துக் கோப்பு அல்ல என்று இடையிலுள்ள நிரல்களுக்கு உணர்த்துவதற்காக, முதல் வரியை அடுத்து 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடைய நான்கு பைட்டுகளையாவது கொண்ட ஒரு குறிப்பு வரியைச் சேர்ப்பது பிடிஎஃப் வழக்கம். பல கோப்புகளில் அவை `E2 E3 CF D3` என்று இருக்கும். விண்டோஸில் பவர்ஷெல் மூலம் அவற்றைப் பார்க்கலாம்:

```
Format-Hex .\arikkai.pdf | Select-Object -First 6
```

நண்பர் அனுப்பிய கோப்பில் அந்த இடத்தில் `EF BF BD` என்பது நான்கு முறை இருந்தது. கோப்பை யுடிஎஃப்-8 எழுத்துகளாக எண்ணிப் படித்த நிரல் ஒன்று, தனக்குப் புரியாத பைட்டுக்கெல்லாம் இந்த மாற்றுக் குறியை எழுதிவிட்டிருந்தது. ஒரு பைட் இருந்த இடத்தில் மூன்று பைட்டுகள் வந்ததால் கோப்பு பெருத்தது. பக்கங்களின் அமைப்பு எளிய ஆங்கில எழுத்துகளில் இருந்ததால் அது தப்பியது, எண்ணிக்கையும் சரியாக வந்தது. ஆனால் பக்கங்களின் உள்ளடக்கம் சுருக்கப்பட்ட பைட்டுகளாக இருந்ததால் முழுவதும் சிதைந்துபோனது. அமைப்பும் சுருக்கப்பட்டிருக்கும் புதிய வகைக் கோப்பாக இருந்திருந்தால் அது திறந்தே இருக்காது.

இப்படிச் சிதைந்த கோப்பை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. வெவ்வேறு பைட்டுகள் எல்லாம் ஒரே குறியாக மாறிவிட்டதால், எந்தக் குறி முன்பு எந்த பைட்டாக இருந்தது என்பதற்கான தகவல் கோப்பில் எங்கும் இல்லை. இதில் வருந்தத்தக்கது என்னவென்றால், பழுதுபார்க்கும் கருவி இதே கோப்பிலிருந்து ஒழுங்கான அமைப்புடைய புதிய பிடிஎஃப் ஒன்றை உருவாக்கித் தந்துவிடக்கூடும். அது எச்சரிக்கையின்றித் திறக்கும், பக்கங்களோ வெறுமையாகவே இருக்கும். அதை மூலத்தின் மேல் சேமித்துவிட்டால் அளவு பெருத்த தடயமும் போய்விடும். கருவி வெற்றி என்று சொல்வது அமைப்பைப் பற்றி மட்டுமே. பக்கங்களைக் கண்ணால் பார்த்த பிறகே நம்ப வேண்டும். நண்பர் மூலக் கோப்பைச் சிப் கோப்பாக்கி, வேறொரு வழியில் அனுப்பினார்; 38 பக்கங்களும் தெரிந்தன. பிடிஎஃப் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து, சேமித்து மூடினாலும் இத்தகைய சேதம் நேரலாம் என்பதால், பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள்.

பழுதுபார்ப்பு உண்மையில் பயன்படுவது, உள்ளடக்கம் நலமாக இருந்து, பைட் இடங்களைச் சொல்லும் அட்டவணை மட்டும் கெட்டிருக்கும்போதுதான். அதற்கு க்யூபிடிஎஃப் என்னும் இலவசக் கருவி போதுமானது:

```
qpdf --check arikkai.pdf
qpdf arikkai.pdf puthiyathu.pdf
```

முதல் கட்டளை கோப்பை மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்லும். இரண்டாவது, கோப்பு முழுவதையும் துழாவி உறுப்புகளைக் கண்டறிந்து, அட்டவணையைப் புதிதாக எழுதி, வேறொரு பெயரில் சேமிக்கும். அறுந்துபோன பதிவிறக்கத்தில் பக்கங்களின் பட்டியலே அறுந்த பகுதியில் இருந்திருக்கலாம் என்பதால் இதிலிருந்து அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. மறுபதிவிறக்கமே விரைவான வழி. கையொப்பம், வங்கி விவரம், மருத்துவ அறிக்கை உள்ள கோப்பை இணையவழிப் பழுதுபார்ப்புத் தளங்களில் ஏற்றுவதையும் நான் ஏற்கமாட்டேன், ஏனெனில் இதே வேலையை உங்கள் கணினியிலேயே செய்ய முடிகிறது. மின்னணுக் கையொப்பமிட்ட கோப்பை எந்தக் கருவியால் மறுபடி எழுதினாலும் அந்தக் கையொப்பம் செல்லாததாகிவிடும். அத்தகைய ஆவணத்தைப் பழுதுபார்த்து எங்கும் சமர்ப்பிக்காதீர்கள். கையொப்பமிட்டவரிடமிருந்தே மூலக் கோப்பை மீண்டும் கேட்டுப் பெறுங்கள்.