வேலூர்க் கோட்டைச் சுவரில் இளவெயில்: நிழலுக்குக் குளிர்ச்சியும் வெளிச்சத்துக்கு வெம்மையும் ஏற்றும் முறை

ஒரு படத்தின் இருண்ட பகுதிகளுக்கு ஒரு நிறத்தையும் வெளிச்சமான பகுதிகளுக்கு வேறொரு நிறத்தையும் மெல்லிதாக ஏற்றுவதையே ஸ்பிலிட் டோனிங் என்கிறோம். நிழலில் நீலமும் வெளிச்சத்தில் இளமஞ்சளும் பெரும்பாலும் பொருந்திப்போவதற்குக் காரணம் இயற்கையிலேயே இருக்கிறது. காலை வெயில் நேரடியாக விழும் இடம் மஞ்சளாகத் தெரிகிறது. வெயில் மறைக்கப்பட்ட இடத்துக்கு நீல வானத்திலிருந்து சிதறி வரும் ஒளி மட்டுமே கிடைப்பதால் அது குளிர்ந்த நிறம் கொள்கிறது. ஒளியின் நிறச்சாய்வைச் சமன்செய்யும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இந்த வேறுபாட்டை ஓரளவு மட்டுப்படுத்திவிடுகிறது. ஆகவே நாம் செய்யப்போவது, படத்தில் ஏற்கெனவே மறைந்திருக்கும் வேறுபாட்டைச் சற்று வெளிக்கொணர்வதுதான். நண்பகலில், மேகமூட்டத்தில் எடுத்த படத்துக்கு இதைச் செய்தால் செயற்கையாகத் தெரிவதும் அதனால்தான்.

பயிற்சிக்கு, மார்கழி மாதக் காலையில் வேலூர்க் கோட்டையின் கிழக்குச் சுவரை அகழிக்கு வெளியே நின்று எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் வெயில் சுவரின்மீது சாய்வாக விழுகிறது. கொத்தளங்களின் தென்புறம் ஒளிர, வடபுறம் நிழலாகிறது. கருங்கல் சாம்பல் நிறம் என்பதால், ஏற்றிய நிறம் கூடிவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல சுவர் கிடைக்காது. முன்புறத்தில், வெயிலைப் பார்த்தபடி வேர்க்கடலை வண்டியோடு ஒருவர் நிற்கிறார். அவருடைய வெள்ளை வேட்டியின் கீழ்ப்பாதி வண்டியின் நிழலில் இருக்கிறது. இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒயிட் பேலன்ஸ்

படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் படத்தைத் திறந்து, நிறம் ஏற்றும் முன் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். வெயிலும் நிழலும் சந்திக்கும் இடத்திலுள்ள கல், சாம்பலாகத் தெரிந்தால் போதும். படம் முழுவதும் மஞ்சளாக இருக்கும்போதே நிழலில் நீலத்தை ஏற்றினால், மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று அழித்து நிழல் மங்கிய சாம்பலாகும். தொடக்க நிலையினர் “நீலம் ஏறவேயில்லை” என்று மேலும் மேலும் கூட்டுவது இந்த இடத்தில்தான். வெளிச்ச அளவையும் கான்ட்ராஸ்டையும் இப்போதே முடித்துவிடுங்கள். பின்னர் மாற்றினால் நிறம் ஏறும் பகுதிகளும் மாறிவிடும்.

இரண்டாம் படி: நிழலுக்கு நீலம்

Color Grading பகுதியைத் திறந்தால் Shadows, Midtones, Highlights என மூன்று வட்டங்கள் இருக்கும். 2020-க்கு முந்தைய பதிப்புகளில் இதே இடத்தில் Split Toning என்ற எளிய பகுதி இருந்தது. பழைய காணொளிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். Shadows வட்டத்தில், எந்த நிறம் என்பதைக் குறிக்கும் Hue-வை 220 ஆகவும், அதன் அடர்த்தியைக் குறிக்கும் Saturation-ஐ 12 ஆகவும் வையுங்கள். எந்த நீலம் வேண்டும் என்று தெளிவாகத் தெரியவில்லையென்றால், Saturation-ஐச் சிறிது நேரம் 60 வரை ஏற்றி, நிறத்தைத் தேர்ந்தபின் இறக்கிவிடலாம். Hue 200-ஐ நெருங்கினால் பச்சை கலந்த நீலமும் 240-ஐத் தாண்டினால் ஊதாவும் வரும். அகழி நீர் ஏற்கெனவே பச்சையாக இருப்பதால் இந்தப் படத்தில் 225 இன்னும் பொருந்துகிறது.

மூன்றாம் படி: வெளிச்சத்துக்கு வெம்மை

Highlights வட்டத்தில் Hue 42, Saturation 15. நிறவட்டத்தில் இது நீலத்துக்கு ஏறக்குறைய எதிரே இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். Hue 50-ஐத் தாண்டினால் கல்லில் மஞ்சள் பூசியதுபோலவும், 30-க்குக் கீழே போனால் செங்கல் போலவும் ஆகிவிடும். வெளிச்சம் மிகுந்து முழு வெள்ளையாகிப்போன வானத்தில் நிறம் ஏறாது. அதற்காக Saturation-ஐக் கூட்டாதீர்கள், வெளிச்ச அளவைக் குறையுங்கள்.

நான்காம் படி: எல்லைக்கோடு

பெரும்பாலான விளக்கங்கள் அவசரமாகக் கடந்துபோகும் இடம் இது. எது நிழல், எது வெயில் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசமானது என்பது மட்டுமே தெரியும். ஆகவே வண்டியின் நிழலில் இருந்தாலும் வெள்ளை வேட்டி பிரகாசமானது என்பதால் அதன்மீது மஞ்சள் ஏறும். வெயிலில் நின்றாலும் கடலைக்காரரின் மாநிற முகம் படத்தின் பிரகாசக் கணக்கில் பாதிக்குக் கீழே இருப்பதால் அதன்மீது நீலம் ஏறி, தோல் சாம்பல் பூத்ததுபோலாகும். வெளிறிய தோலுக்காகச் சொல்லப்பட்ட அளவுகளை நம்மூர் முகங்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கல் இதுதான்.

முகத்தைக் காப்பாற்ற, அதே Color Grading பகுதியிலுள்ள Balance-ஐ மெல்ல வலப்புறம் நகர்த்துங்கள். எண் கூடக்கூட வெம்மை நடுத்தர இருளுக்கும் இறங்கிவந்து, நீலம் ஆழ்ந்த நிழலுக்குள் ஒதுங்கும். இந்தப் படத்தில் +25 வந்ததும் முகத்தில் செம்பழுப்பு திரும்பிவிடுகிறது; கொத்தளத்தின் நிழலும் நீலமாகவே நிற்கிறது. Blending என்பது இரு நிறங்களும் எவ்வளவு தூரம் ஒன்றன்மேல் ஒன்று படரலாம் என்பதைக் குறிக்கும். அது இயல்பாக 50-இல் இருக்கும். 35-க்குக் குறைத்தால் நீலம் முகத்தின் பக்கம் கசிவது இன்னும் தணியும். மிகவும் குறைத்தால் நிழலும் வெயிலும் சந்திக்கும் ஓரத்தில் நிறம் சட்டென்று மாறுவது தெரியும், ஆகவே அளவோடு நிறுத்துங்கள். இத்தனைக்குப் பிறகும் முகம் வாடியிருந்தால் Shadows-இன் Saturation-ஐ 8-ஆகக் குறைப்பதே வழி.

வேட்டியை இந்த வட்டங்களால் சரிசெய்ய முடியாது. பிரஷ் மாஸ்க் ஒன்றை எடுத்து, நிழலில் உள்ள பாதியை மட்டும் தீட்டி, அந்த மாஸ்க்கின் Temp-ஐ இடப்புறம் சிறிது நகர்த்தினால், நிழலிலுள்ள வெள்ளைத் துணிக்கு உரிய இலேசான நீலம் வரும்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் கண் அதற்குப் பழகிவிடும். சில நிமிடங்கள் எழுந்து போய்விட்டு வந்து, Color Grading தலைப்பருகே உள்ள கண் குறியின் உதவியால் இந்த மாற்றத்தை மட்டும் நீக்கியும் சேர்த்தும் பாருங்கள். நீக்கும்போது படம் தட்டையாகிறது என்று தோன்றினால் அளவு சரி; முதலில் நிறம்தான் கண்ணில் படுகிறது என்றால் இரண்டு Saturation-களையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

கைபேசியில் லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கும் நிறப் பகுதிக்குள் இதே வட்டங்கள் உண்டு. கட்டணமில்லாத டார்க்டேபிள் மென்பொருளில் split-toning என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன எண்கள் அங்கே அப்படியே பொருந்தா, கண்ணால் பார்த்தே அமைக்க வேண்டும்.

இயன்றவரை, கேமரா பதிவுசெய்த தரவைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பில் வேலை செய்யுங்கள். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே இருப்பதால், வானம்போன்ற மென்மையான பரப்பில் நிறத்தை அழுத்தினால் பட்டைபட்டையாகக் கோடுகள் தெரியும். முடிந்த படத்தை sRGB என்ற நிறவெளியில் ஏற்றுமதி செய்து கைபேசியில் பார்க்கும்போது, திரையை இரவில் மஞ்சளாக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், நிழலில் ஏற்றிய 12 அளவு நீலம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.