பின்கட்டில் வந்தது முசாங்கா, பூனையா?

செம்பனை ஓரத்து வீடுகளில் இரவில் வருவது பெரும்பாலும் முசாங்தான். தடத்தின் அருகே, அதே மட்டத்தில் 20 சென் காசை வைத்து, கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படமெடுங்கள். சாய்த்தால் அளவு பொய்யாகும். 2012 முதல் வந்த காசின் விட்டம் 20.6 மி.மீ., பழையது 23.59, எந்தக் காசு என்று குறித்துவையுங்கள். தடம் ஒன்றரைப் புதுக்காசு அகலமென்றால் சுமார் 31 மி.மீ.

அளவு மட்டும் போதாது, விரலை எண்ணுங்கள். முசாங்குக்கு ஐந்து, பூனைக்கு நான்கு, பூனையின் நகம் பொதுவாகப் பதியாது. நாய்க்கும் நான்குதான், ஆனால் நகம் தெரியும். காய்ந்த மண்ணில் முசாங்கின் ஐந்தாம் விரல் பதியாமல் ஏமாற்றும். அப்போது எச்சத்தைக் குச்சியால் பிரியுங்கள்: பழநாரும் முழு விதைகளும் இருந்தால் முசாங். எலிமுடியும் எலும்பும் மட்டுமென்றால் பூனை இனமாகலாம். வீட்டுப்பூனையா, காட்டுப்பூனையா என்று தடத்தை வைத்துச் சொல்ல முடியாது.