சந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கடை எவ்வளவு தள்ளி இருக்கிறது: ஒரே படத்தில் இரண்டு கணக்கு

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கடைத்தெரு என்று நம்மவர்கள் சொல்லும் லெபோ பாசாருக்குப் பக்கத்தில், ஒரு மாடி அறையில் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். படிவம் ஐந்து படிக்கும் ஒரு மாணவிக்குச் சாய்வு என்றால் புரியாது, கெச்செருனான் என்றால் உடனே புரியும். இடைநிலைப்பள்ளியில் கணிதத்தை மலாயில் படிப்பதால் வருவது இது. அவளுக்காகப் போட்ட கணக்கையே இங்கே தருகிறேன். ஒரு கட்டத்தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கட்டத்தாளில் ஒரு பெரிய சாலையை வரைவோம். ஒரு கட்டம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் சாலை அல்ல, கணக்குக்காக வரைந்தது. அதிலிருந்து ஒரு சந்து பிரிகிறது.

```
சாலை:   3x + 4y = 25
சந்து:   x − 7y = −25
```

இரண்டும் (3, 4) என்ற புள்ளியில் சந்திக்கின்றன. இரண்டு சமன்பாட்டிலும் அந்த எண்களைப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். சந்தின் மேல் (10, 5) என்ற இடத்தில் ஒரு கடை இருக்கிறது. கேள்விகள் இரண்டு: சந்து எந்தக் கோணத்தில் பிரிகிறது? கடையிலிருந்து சாலைக்கு நேராக எவ்வளவு தூரம்?

முதலில் கோணம். சமன்பாட்டை y = mx + c என்று மாற்றினால் x-ன் முன்னால் நிற்கும் எண்தான் சாய்வு. சாலைக்கு m₁ = −3/4, சந்துக்கு m₂ = 1/7. சாய்வு என்பது அந்தக் கோடு x அச்சோடு செய்யும் கோணத்தின் tan. ஆகவே கோடுகளுக்கு இடையிலுள்ள கோணம் அந்த இரண்டு கோணங்களின் வித்தியாசம். tan(A − B)-யின் விரிவை எழுதினால் சூத்திரம் தானாக வந்துவிடும்:

```
tan θ = | (m₁ − m₂) / (1 + m₁m₂) |

m₁ − m₂  = −3/4 − 1/7  = −25/28
1 + m₁m₂ = 1 − 3/28    =  25/28
tan θ    = |−1| = 1     →  θ = 45°
```

என் மாணவி சூத்திரத்தில் மட்டுக்குறியாக நிற்கும் அந்த இரண்டு நிமிர்ந்த கோடுகளையும் போட மறந்துவிட்டாள். "டீச்சர், −45 என்று வருகிறதே, கோணம் குறையாகுமா?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். சாலை x அச்சோடு செய்யும் கோணம் 143.13°, சந்து செய்வது 8.13°. கழித்தால் 135°. அதன் tan −1. கால்குலேட்டருக்கு 135 தெரியாது, −1-க்கு −45 என்றுதான் காட்டும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் 135-ம் 45-ம் சேர்ந்தே உண்டாகும். நமக்கு வேண்டியது குறுங்கோணம். அதற்காகத்தான் மட்டுக்குறி.

திரையில் 0.785 என்று வந்தால் கணக்கில் பிழை இல்லை, கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது. `Math ERROR` வந்தால் கீழே இருக்கும் 1 + m₁m₂ பூஜ்யமாகிவிட்டதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து, மலாயில் செரென்ஜாங். கோணம் 90°. ஒரு கோடு நட்டக்குத்தாக நின்றால் மட்டும் இந்தச் சூத்திரம் உதவாது, அதற்குச் சாய்வே கிடையாது. மற்றக் கோடு x அச்சோடு செய்யும் கோணத்தை 90°-லிருந்து கழித்து, குறைக்குறி வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

இப்போது தூரம். இங்கே நிதானமாகப் போவோம், ஏனென்றால் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

ஆதிப்புள்ளியிலிருந்து சாலைக்கு ஒரு செங்குத்து போடுங்கள். அதன் நீளம் p. அது x அச்சோடு செய்யும் கோணம் α. இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் சாலை முழுவதும் தெரிந்துவிடும்:

```
x cos α + y sin α = p
```

இதுதான் செங்குத்து வடிவம். இடது பக்கம் என்ன சொல்கிறது? ஓர் அளவுகோலை, 0 ஆதிப்புள்ளியில் இருக்கும்படி, அந்தச் செங்குத்தின் மேல் கிடத்துங்கள். எந்தப் புள்ளியிலிருந்தும் அளவுகோலுக்குச் செங்குத்தாக வந்து சேர்ந்தால் எந்த எண்ணில் நிற்போமோ, அதுதான் x cos α + y sin α. சாலையின் மேல் எங்கே நின்றாலும் அளவுகோல் p என்றே காட்டும். கடையில் நின்றால் வேறு எண் காட்டும். அந்த இரண்டு எண்களின் வித்தியாசமே கடைக்கும் சாலைக்கும் உள்ள தூரம்.

நம் சாலையின் சமன்பாட்டில் 3, 4 என்று இருக்கிறது. எந்தக் கோணத்துக்கும் cos 3 ஆகாது. cos²α + sin²α = 1 ஆக வேண்டுமல்லவா? அதற்காக √(3² + 4²) = 5 என்பதால் சமன்பாடு முழுவதையும் வகுக்கிறோம்:

```
0.6x + 0.8y = 5
0.36 + 0.64 = 1   (சரி)
```

இங்கே cos α = 0.6, sin α = 0.8, p = 5. இப்போது கடையின் (10, 5)-ஐப் போடுவோம்:

```
0.6×10 + 0.8×5 = 10
தூரம் = |10 − 5| = 5
```

ஐந்து கட்டம், அதாவது 50 மீட்டர். மட்டுக்குறிக்குள் வந்தது கூட்டல் 5 என்பதையும் கவனியுங்கள். சாலைக்கு ஒரு பக்கம் ஆதிப்புள்ளி இருக்க, கடை மறுபக்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஆதிப்புள்ளியையே போட்டால் −5 வரும்.

வலது பக்கம் குறைக்குறி வரும் சமன்பாட்டில்தான் தடுமாற்றம் அதிகம். 3x + 4y = −25 என்று இருந்தால் 5-ஆல் வகுத்து நிறுத்திவிடாதீர்கள். p என்பது நீளம், குறையாக இருக்காது. முழுவதையும் −5-ஆல் வகுத்து −0.6x − 0.8y = 5 என்று எழுதுங்கள். cos, sin இரண்டும் குறையாக இருப்பதால் α மூன்றாம் கால்பகுதியில், 233.13°-ல் இருக்கிறது.

என் மாணவி வகுக்கவே மறந்துவிட்டாள். 3×10 + 4×5 − 25 = 25 என்று எழுதி, தூரம் 25 என்று முடித்துவிட்டாள். தவறு என்று நான் சொல்லவில்லை. சந்திப்பிலிருந்து சந்து வழியாகக் கடைக்கு நடந்தால் எவ்வளவு என்று கேட்டேன். (3, 4)-லிருந்து (10, 5)-க்கு √(49 + 1), அதாவது சுமார் 7.07 கட்டம். சந்திப்பு சாலையின் மேலேயே இருக்கிறது. ஏழு கட்டம் நடந்தால் சாலைக்கு வந்துவிடலாம் என்னும்போது, மிகக் குறுகிய வழி எப்படி 25 ஆகும்? அவளே அடித்துவிட்டுத் திருத்தினாள்.

பிறகு முன்னே கண்ட கோணத்தையும் இதோடு சேர்த்தோம். சந்து 7.07 கட்டம், கோணம் 45°. எனவே செங்குத்துத் தூரம்

```
√50 × sin 45° = 5
```

சாய்விலிருந்து வந்த விடையும் செங்குத்து வடிவத்திலிருந்து வந்த விடையும் ஒரே முக்கோணத்தில் பொருந்திவிட்டன. செங்குத்தின் அடி எங்கே என்று கேட்டாள். கடையிலிருந்து சாலையை நோக்கி ஐந்து கட்டம், x-ல் 0.6×5, y-ல் 0.8×5 கழித்தால் (7, 1). மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டாள். பென்சில் முனை (7, 1)-ல் போய் நின்றது.